பேத்தியை ஏன் ‘ஆத்தா’ என்கிறார்கள்?

கேள்வி: “நான் சென்னையில் வளர்ந்தவள். கல்யாணமாகி மேலூர்ப் பக்கம் வந்திருக்கிறேன். மாமியார் என் மகளை ‘ஆத்தா’, ‘தாயி’ என்கிறார். சின்னவனை ‘அய்யா’, ‘அப்பு’ என்கிறார். சில நேரம் மகளையே ‘வாடா ராசா’ என்கிறார். பெரியவர்களைக் கூப்பிடும் சொல்லைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்கிறார்கள்? வேறு மொழிகளில் இப்படி உண்டா? பிள்ளைகள் குழம்பிவிட மாட்டார்களா? நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகலாமா?”

உண்டு, நிறைய மொழிகளில் உண்டு. ஆனால் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி இல்லை. அந்த வித்தியாசத்தைப் பார்த்தால்தான் உங்கள் மாமியார் என்ன செய்கிறார் என்பது புரியும். நான் மொழியியல் படித்தவன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் யாரை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே பல வருடமாக என் வேலை. உறுதியாகத் தெரிந்ததையும், இப்படி இருக்கலாம் என்று மட்டும் சொல்லக்கூடியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

கொஞ்சுவதற்கு எந்த மொழியிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கண்ணு, தங்கம், பட்டு, செல்லம், குட்டி என்று நாம் சொல்வதைப் போலப் பிரெஞ்சுக்காரர்கள் முட்டைக்கோஸ் என்று கொஞ்சுவார்கள், தெள்ளுப்பூச்சி என்றும் கொஞ்சுவார்கள். உடம்பின் உறுப்பு, விலை உயர்ந்த பொருள், தின்பண்டம், சின்னப் பிராணி, இந்த நாலுக்குள் உலகத்துக் கொஞ்சல் சொற்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். அவற்றைப் புரிந்துகொள்ளத் தனி முயற்சி வேண்டாம். எது அருமையானதோ, எது சின்னதோ, அதன் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுகிறோம், அவ்வளவுதான். நீங்கள் கேட்டிருப்பது வேறு வகை. இதில் சொல் சின்னதாகவில்லை, பெரிதாகிறது. வீட்டிலேயே சின்ன உருப்படிக்கு வீட்டிலேயே பெரிய பதவி கிடைக்கிறது. மொழியியலில் இதை விளியின் தலைகீழாக்கம் என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். பல பத்தாண்டுகளாகவே இதைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன, முக்கியமாக அரபு மொழியை வைத்து.

அரபில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எகிப்திலோ லெபனானிலோ ஒரு தாய் தன் மகனை ‘மாமா’ என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா. மகளையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவாள். தகப்பன் இரண்டு பேரையும் ‘பாபா’ என்பான், அதாவது அப்பா. சித்தப்பா தன் அண்ணன் மகனைச் சித்தப்பா என்றே கூப்பிடுவார். கூப்பிடுகிறவர் தனக்குரிய உறவுப் பெயரையே எடுத்துப் பிள்ளைக்குத் தருகிறார். பிள்ளை ஆணா பெண்ணா என்பது அங்கே கணக்கில் இல்லை. ஜார்ஜிய மொழியிலும் இதே முறைதான், தாய் தன் பிள்ளையைத் தாய் என்பதற்கான சொல்லாலேயே கூப்பிடுகிறாள். ருமேனிய மொழியிலும் உண்டு. இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் தாய்மார் பிள்ளையிடம் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் ‘அம்மாவுக்கு’ என்பது போல ஒரு துண்டைச் சேர்ப்பார்கள்.

இப்போது வங்காளத்துக்கு வாருங்கள். அங்கே மகளை ‘மா’ என்பார்கள், மகனை ‘பாபா’ என்பார்கள். தாய் சொன்னாலும் சரி, தகப்பன் சொன்னாலும் சரி, பெண் பிள்ளைக்கு மா, ஆண் பிள்ளைக்கு பாபா. இங்கே சொல்லை முடிவு செய்வது கூப்பிடுகிறவர் யார் என்பதல்ல, கூப்பிடப்படுகிற பிள்ளை ஆணா பெண்ணா என்பது. தமிழும் இந்தப் பக்கம்தான். உங்கள் மாமியார் உங்கள் மகளுக்கு அப்பத்தா. அரபு வழி என்றால் அவர் பேத்தியை ‘அப்பத்தா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் அப்படிச் சொல்வதில்லை, ‘ஆத்தா’ என்கிறார். பேரனை ‘அய்யா’ என்கிறார். அவர் தன்னுடைய பெயரைப் பிள்ளைக்குத் தரவில்லை. தன்னைப் பெற்றவளின் இடத்தில் பேத்தியையும், தன்னைப் பெற்றவரின் இடத்தில் பேரனையும் உட்கார வைக்கிறார்.

வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வழக்கம் போலத்தான் தெரியும். ஆனால் நடப்பது வேறு. அரபுத் தாய் செய்வது எதிரொலி. பிள்ளை அவளை எப்படிக் கூப்பிடுகிறதோ, அதையே அவள் திருப்பிச் சொல்கிறாள். இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல் புழங்குகிறது. நம் வீட்டில் நடப்பது இடமாற்றம். பாட்டி சின்னவளாகிறாள், பேத்தி பெரியவளாகிறாள், ஒரு வாக்கியம் முடிகிற வரைக்கும். இந்த வித்தியாசம் உறுதியானது. எந்த வீட்டிலும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்: பிள்ளை மாறும்போது சொல் மாறுகிறதா, கூப்பிடுகிற ஆள் மாறும்போது மாறுகிறதா என்று கவனித்தால் போதும்.

சொல் பெரியது, ஆனால் வினை சின்னது. இதுதான் இந்த விளையாட்டின் திருகாணி. “வா ஆத்தா, சாப்பிடு” என்கிறார் பாட்டி. “வாங்க ஆத்தா, சாப்பிடுங்க” என்று சொல்வதில்லை. விளி மேலே ஏறுகிறது, வினைமுற்று ‘நீ’ என்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டும் பொருந்தாமல் நிற்பதால்தான் கேட்கிற பிள்ளைக்கு இது மரியாதை அல்ல, கொஞ்சல் என்று தெரிகிறது. இரண்டையும் பொருத்திவிட்டால் கொஞ்சல் போய்விடும், வேறொன்று வரும். மேலூருக்குப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் காலை நேரத்தில் நான் குறித்துக்கொண்டதை அப்படியே தருகிறேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பாயைவிட்டு எழுந்திருக்க மறுக்கிறாள். அப்பத்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார்.

முதலில், “ஏத்தா, எந்திரி தாயி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.” கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் வந்து தலையைத் தடவிக்கொண்டே, “எந்திரிடா என் ராசா, சுடுதண்ணி வச்சிருக்கேன்ல.” அசைவில்லை. திரும்பிப் போய்விட்டு அங்கிருந்தே, “அடியே, இப்ப எந்திரிக்கப் போறியா இல்லையா?” அதற்கும் பதில் இல்லை. அப்புறம் வாசற்படியில் வந்து நின்று, “மகாராணி எந்திரிக்க மாட்டீகளோ? பல்லக்கு வரச் சொல்லட்டுமா?” இப்போது போர்வைக்குள்ளிருந்து சிரிப்பும் பதிலும் சேர்ந்து வருகிறது: “போத்தா, நான் எந்திரிச்சுட்டேன்.”

இந்த நாலு வாக்கியத்தில் மூன்று தடவை தளம் மாறியிருக்கிறது. முதலாவதில் தாய் என்ற பதவி, கூடவே ‘எந்திரி’ என்ற ஒருமை வினை: கொஞ்சல். இரண்டாவதில் பெண் பிள்ளை ஆண் பிள்ளையாகிறாள்: கொஞ்சல் இன்னும் இறங்கி உடம்போடு ஒட்டுகிறது, கையும் தலையைத் தொடுகிறது. மூன்றாவதில் பதவி பறிபோகிறது, ‘அடியே’ மட்டும் மிச்சம்: கோபம் தொடங்குகிறது. நாலாவதில்தான் மரியாதைப் பன்மை முழுதாக வருகிறது. மாட்டீகளோ என்ற அந்த ‘ஈக’ எங்கள் பக்கம் பெரியவர்களுக்குச் சொல்வது. விளியும் பெரியது, வினையும் பெரியது, அதனால்தான் அது கேலி. பிள்ளைக்கு அது புரிந்துவிட்டது என்பதற்கு அவள் சிரித்ததே சாட்சி. அடுத்த கட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் அது பள்ளிக்கூடப் பதிவேட்டில் உள்ள முழுப் பெயராக இருந்திருக்கும். தெற்கத்தி வீடுகளில் பிள்ளையை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

பேத்தியின் பதிலையும் கவனியுங்கள். “போத்தா” என்கிறாள். அது ‘போ ஆத்தா’. பாட்டி பயன்படுத்திய அதே ‘த்தா’தான். எங்கள் ஊர்களில் தகப்பனை ‘நீங்க’ என்கிற பிள்ளைகூட அப்பத்தாவையும் ஆத்தாளையும் ‘நீ’ என்றுதான் சொல்லும். அதனால் அந்த வீட்டில் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் சொல்லும் வினையும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் போய்வருகின்றன. 1960இல் பிரௌன், கில்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டை வைத்து ஒன்று சொன்னார்கள்: இருவரும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டால் அது நெருக்கம் அல்லது சமநிலை, ஒருவர் மட்டும் ‘நீ’ என்று மற்றவர் ‘நீங்கள்’ என்றால் அது அதிகாரம். செல்லச் சொல்லை எடை போடுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல தராசு இதுதான். சொல்லின் அகராதிப் பொருளைப் பார்ப்பதைவிட, அதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

இதை வீட்டுக்கு வெளியே வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மாட்டுத்தாவணியில் பேருந்துக்கு நிற்கும் இளம்பெண்ணிடம் வயதான நடத்துநர் “எங்க போகணும் தாயி?” என்று கேட்பார். முன்பின் தெரியாத ஆள், ஆனாலும் அந்தச் சொல் அவளுக்கு இதமாகவே இருக்கும். காரணம், தாய் என்று சொன்ன வாயால் தப்பாகப் பேச முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சொல் நெருங்குவதற்காக மட்டும் அல்ல, வேலி போடுவதற்காகவும் பயன்படுகிறது. ஆனால் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும், தன் வயதேயான ஓர் ஆண், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் “நீ சும்மா இரும்மா, நான் சொல்றேன்” என்றால் அதே ‘ம்மா’ குத்தும். அவள் திரும்ப “நீ சும்மா இருப்பா” என்று சொல்ல முடிந்தால் அது நட்பு. சொன்னால் திமிர் என்று ஆகிவிடும் என்றால், அந்த ‘ம்மா’ செல்லம் அல்ல, தட்டி உட்கார வைப்பது. எனக்குத் தெரிந்த பல பெண்கள் இந்த ‘ம்மா’வை வெறுக்கிறார்கள், அது நியாயமான வெறுப்பு என்றே நான் நினைக்கிறேன்.

மகளை ‘வாடா ராசா’ என்பதைப் பற்றிக் கேட்டீர்கள். இதற்கு நம் இலக்கணத்திலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஆண்பாலைப் பெண்பாலாகவோ அஃறிணையை உயர்திணையாகவோ மாற்றிச் சொன்னால் அது வழு என்கிறது. சொல்லிவிட்டு, சில காரணங்களால் அப்படிச் சொன்னால் அது குற்றமில்லை, இயல்புதான் என்கிறது. அந்தக் காரணங்களின் வரிசையில் முதலில் நிற்பது உவப்பு, அதாவது மகிழ்ச்சி. உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் வழுவமைதி என்று படித்திருப்பீர்கள். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுவமைதிக்கு உதாரணம். தாய் தன் மகளைப் பார்த்து ‘வாடா ராசா, வாடா கண்ணா’ என்பது பால் வழுவமைதிக்கு உதாரணம். உங்கள் மாமியார் செய்வது பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் விஷயம். கொஞ்சும்போது மனிதர்கள் இலக்கணத்தை மீறுவார்கள், அப்படி மீறினால்தான் கொஞ்சல் என்று தெரியும் என்பதை அந்தப் பழைய ஆசிரியர்கள் கவனித்திருக்கிறார்கள்.

இந்த ‘டா’ ஆண் பிள்ளை ஆசையிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மகளை மகனாகக் கூப்பிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். நான் இதை முழுதாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சில வீடுகளில் கைக்குழந்தையான பையனை ‘அடி என் தங்கமே’ என்று கொஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். அது ஆண் ஆசையாக இருக்க முடியாது, பாலைப் புரட்டுவதில் உள்ள சுகம்தான். ஆனால் பையன் கொஞ்சம் வளர்ந்ததும் ‘அடி’ நின்றுவிடுகிறது, பெண்ணுக்குச் சொல்லும் ‘டா’ கல்லூரிக்குப் போன பிறகும் தொடர்கிறது. ஆண் பாலுக்கு உயர்த்துவது பெருமை, பெண் பாலுக்கு இறக்குவது கேலி என்ற கணக்கு எங்கோ உள்ளே ஓடுகிறது என்பதை மறுக்க முடியாது. விளையாட்டு என்பது உண்மை, அந்த விளையாட்டு நடக்கிற தரை சமமாக இல்லை என்பதும் உண்மை.

சரி, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் உறுதி குறைகிறது. நான் கேட்ட வீடுகளில் எல்லாம் முதலில் வரும் பதில் பெயர் வைக்கும் முறையைப் பற்றியது. பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அப்பத்தா பெயர் என்று பல குடும்பங்களில் ஒரு வரிசை உண்டு. வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரையும் மாமியார் பெயரையும் வாயால் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அப்படியென்றால் மாமனார் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் தன் மகனை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அய்யா என்பாள், அப்பு என்பாள், பெரியவரே என்பாள். பெயரைச் சொல்லாமல் பெயருக்குரியவரின் மரியாதையை மட்டும் பிள்ளைக்குத் தந்துவிடுவாள். பதிவேட்டில் ஒரு பெயர், வாசலில் ஒரு பெயர் என்று இன்றும் பல வீடுகளில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும், ஆனால் இது மட்டும் போதாது. தாத்தா பெயர் வைக்காத பிள்ளையையும் அய்யா என்கிறோம். தெருவில் போகும் யார் வீட்டுப் பிள்ளையையும் “ஓரமா போய்யா” என்கிறோம். மருமகள் அல்லாத அப்பத்தாவும், தாத்தாவும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் பெயர் வைக்கும் முறை இந்த வழக்கத்துக்கு நல்ல உரம் போட்டிருக்கிறது என்று சொல்லலாம், விதை அதுதான் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது பதில், “எங்கப்பாதான் வந்து பொறந்திருக்காரு” என்பது. இறந்துபோன பெரியவர் அந்த வீட்டிலேயே மறுபடி பிறக்கிறார் என்ற நம்பிக்கை. காதைப் பார், நடையைப் பார், கோபத்தைப் பார் என்று ஆதாரம் காட்டுவார்கள். தன் தாயைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த ஒரு பாட்டி பேத்தியைத் தாயி என்று கூப்பிடும்போது அது வெறும் பழக்கம் அல்ல என்பதை முகத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வழக்கம் இதிலிருந்து பிறந்ததா, வழக்கம் இருந்ததால் இந்த நம்பிக்கை அதில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று சோதிக்க வழி கிடையாது. ஆனால் சொல்கிறவருக்கு அது உண்மையான காரணம், அதை மதிக்க வேண்டும்.

மூன்றாவது, மொழியியலாளர்கள் சொல்வது. ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில், உலகின் பல மொழிகளில் அம்மா, அப்பாவைக் குறிக்கும் சொற்கள் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன என்று ஆராய்ந்தார். பால் குடிக்கும்போது குழந்தை மூக்கால் எழுப்பும் ம்ம் என்ற ஒலியைத் தாய் தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். குழந்தையின் வாயிலிருந்து வந்ததைக் குழந்தைக்கே திருப்பித் தருவது என்றால் அரபு வழி நன்றாகப் புரிகிறது. ‘அம்மாவின் கண்ணே’ என்று முழுதாகச் சொன்னது தேய்ந்து ‘அம்மா’ மட்டும் மிஞ்சியது என்றும் அரபுக்கு ஒரு விளக்கம் உண்டு. இரண்டுமே தமிழுக்குப் பொருந்தவில்லை. அப்பத்தாவின் வாயில் ‘அப்பத்தா’ வராமல் ‘ஆத்தா’ வருவதை அவற்றால் விளக்க முடியாது. ஆகவே தமிழுக்கும் வங்காளத்துக்கும் வேறு ஒரு கதை இருக்க வேண்டும். என் ஊகம், உறுதி அல்ல, இது: உறவில் யார் மேலே யார் கீழே என்பது மிகவும் இறுக்கமாக இருக்கும் வீட்டில், அந்த ஏணியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது. ஏணி உறுதியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தால்தான் அப்படி விளையாட முடியும். பதின்வயதில் எதிர்த்துப் பேசத் தொடங்கும் மகனிடம் அப்பா ‘அய்யா’வை நிறுத்திவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஏணி உண்மையாகவே ஆடுகிறது. அப்போது அய்யா என்றால் அது கேலியாகவோ சரணாகதியாகவோ கேட்டுவிடும். அவனுக்கு வேலை கிடைத்து, ஒரு நிதானம் வந்த பிறகு அந்தச் சொல் திரும்பி வரும்.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது மீனாட்சியை விட்டுவிட முடியாது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேறியது என்பார்கள். உலகத்துக்கே தாய் என்று கும்பிடுகிற தெய்வத்தைக் கைக்குழந்தையாக்கி, செங்கீரை ஆடச் சொல்லி, தாலாட்டி, சப்பாணி கொட்டச் சொல்லி, முத்தம் கேட்டு, நடந்து வா என்று கூப்பிட்டு, நிலாவை விளையாட அழைத்துப் பத்துப் பருவமாகப் பாடுவது அந்த நூல். வீட்டில் பிள்ளையைத் தாயாக்குகிறோம், கோயிலில் தாயைப் பிள்ளையாக்குகிறோம். இரண்டிலும் நடப்பது ஒரே இடமாற்றம்தான், திசை மட்டும் வேறு. சித்திரைத் திருவிழாவில் தேரைப் பார்த்து “எங்க ஆத்தா வர்றா பாரு” என்று ஒருமையில் சொல்கிற வாயும், இடுப்பில் இருக்கும் பேத்தியை “அங்க பாரு ஆத்தா” என்கிற வாயும் ஒன்றேதான். அங்கேயும் சொல் பெரியது, வினை சின்னது.

ஓர் எச்சரிக்கை. ‘ஆத்தா’ எல்லா வீட்டிலும் ஒரே ஆளைக் குறிப்பதில்லை. சில குடும்பங்களில் அது பெற்ற தாய், சிலவற்றில் பாட்டி. கொங்குப் பக்கம் பல வீடுகளில் பாட்டி. வசவிலும் அந்தச் சொல் வரும். ஊர், சாதி, தலைமுறை மூன்றையும் பொறுத்து மாறும். நான் சொல்வது மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்தில் கேட்டதை வைத்து. அதிலும் பெரும்பாலும் வயதான பெண்களிடம் கேட்டது. இளம் தகப்பன்மார் வீட்டுக்குள் மட்டும் எப்படிக் கொஞ்சுகிறார்கள் என்பது ஒரு வெளியாள் முன்னால் அவ்வளவாக வெளிவராது. அதனால் அந்தப் பக்கம் என் குறிப்புகள் மெலிந்தவை.

பிள்ளைகள் குழம்புவார்களா என்பதற்கு வருகிறேன். மாட்டார்கள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கும் குழந்தை முதல் சில மாதம் தடுமாறலாம், யாரைப் பார்த்தாலும் அம்மா என்னலாம், ஆனால் அது இந்த வழக்கம் இல்லாத வீட்டுக் குழந்தைகளும் செய்வதுதான். கொஞ்சம் பேச வந்ததும் அதற்கு வினைமுற்றின் கணக்கு பிடிபட்டுவிடும். உங்கள் மகள் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு விளையாடும்போது என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று கவனியுங்கள். “சாப்பிடு தாயி, அழாத” என்று பொம்மையிடம் சொல்கிறாள் என்றால், பெரியவர் சின்னவரிடம் சொல்லும் சொல் இது என்பதை அவள் சரியாகவே கற்றுக்கொண்டாள். அப்பத்தாவிடம் போய் அதே குரலில் அதே வாக்கியத்தைச் சொல்ல மாட்டாள். சொன்னால் வேண்டுமென்றே விளையாடுகிறாள்.

நீங்கள் பழகலாமா என்றால், தாராளமாகப் பழகலாம், ஆனால் ‘ஆத்தா’விலிருந்து தொடங்க வேண்டாம். சென்னையில் வளர்ந்த உங்கள் வாயில் ‘ம்மா’, ‘ப்பா’ ஏற்கெனவே இருக்கிறது. “வாம்மா”, “சொல்லுப்பா” என்று பிள்ளைகளிடம் நீங்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். அதுவும் இதே வழக்கம்தான், தேய்ந்து ஒட்டாகிவிட்டதால் நாம் கவனிப்பதில்லை. அதையே கொஞ்சம் நீட்டி, “என் அம்மால்ல, ஒரு வாய் வாங்கிக்க” என்று சொல்லிப் பாருங்கள். அது உங்கள் ஊர்ப் பேச்சிலும் உள்ளது, இந்த வீட்டிலும் பொருந்தும். ‘தாயி’, ‘த்தா’ எல்லாம் இந்த மண்ணின் ஓசையோடு வருபவை. கேட்டுக் கேட்டு ஒரு நாள் தானாக வாயில் வரும், அதற்கு முன் முயன்று சொன்னால் மேடையில் பேசுவது போல இருக்கும், பிள்ளைகளே சிரிப்பார்கள். மாமியார் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் உங்களையும் ‘வாத்தா’, ‘என்னத்தா’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தால், நீங்கள் அவரிடம் ‘த்தா’ போட்டுப் பேசுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ‘நீங்க’ என்பதை மட்டும் விடாமல், “சொல்லுங்கத்தா” என்று தொடங்குங்கள்.